சஸ்பென்ஸ் கணக்கில் ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்

இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் கீழ் வேலை செய்பவர்களுக்கு மதிப்பீட்டுப் படிவம் எழுத வேண்டும். அந்தப் படிவத்தை வைத்துத்தான் சம்பள உயர்வு முடிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு கணக்காளர்களுக்கு நான் எழுதிய மதிப்பீடு முழுக்கத் தவறாகப் போனது. அது எப்படித் தவறியது என்பதையும், அதற்குப் பிறகு கணக்காளரின் வேலையை எதைக் கொண்டு அளக்கிறேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒருவர் காட்பாடியிலிருந்து வருபவர். வங்கிக் கணக்குகளும் வாடிக்கையாளர் லெட்ஜர்களும் அவர் பொறுப்பு. இன்னொருவர் ஆற்காட்டிலிருந்து வரும் பெண். கொள்முதல் பில்களும் சப்ளையர் லெட்ஜர்களும் அவரிடம் இருந்தன. எங்கள் படிவத்தில் அப்போது நான்கு கேள்விகள்தாம் முக்கியம்: ஆண்டு முழுவதும் எத்தனை பிழைகள், மாதக் கணக்கை எந்தத் தேதியில் முடித்தார், ஆடிட்டர் கேட்டதைக் கொடுத்தாரா, மற்றப் பிரிவுகளோடு ஒத்துழைக்கிறாரா. காட்பாடிக்காரர் பன்னிரண்டு மாதமும் மூன்றாம் தேதிக்குள் கணக்கை முடித்திருந்தார், பிழைகள் இரண்டே. ஆற்காட்டுப் பெண்ணோ ஏழாம் தேதி, எட்டாம் தேதி என்று இழுத்தார். அவர் பெயரில் பதினொரு பிழைகள் பதிவாகியிருந்தன. அவருக்கு நான் சராசரி என்று எழுதினேன், காட்பாடிக்காரருக்கு மிகச் சிறப்பு என்று எழுதினேன். இருவரையும் தனித்தனியே அழைத்துப் படிவத்தைக் காட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

ஜூன் மாதம் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், எல்லா லெட்ஜர்களின் நிலுவையும் வரிசையாக வரும் டிரையல் பேலன்ஸில், எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாதவற்றைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் சஸ்பென்ஸ் என்ற தலைப்பின் எதிரே பற்றில் 1,240 ரூபாய் நிற்பதைப் பார்த்தார். இவ்வளவு பெரிய விற்றுமுதலில் இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று நான் அதை ஆண்டு முழுவதும் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். அவர் நிலுவைத் தொகையோடு நிற்காமல் லெட்ஜரைத் திறந்து பற்று வரவு இரண்டின் மொத்தத்தையும் எடுத்தார். பற்று 3,86,500 ரூபாய், வரவு 3,85,260 ரூபாய். நான்கே பதிவுகள். ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத அந்த நான்கும் எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயாகத் தெரிந்திருக்கின்றன.

வரவுப் பக்கம் இருந்த 2,14,000 ரூபாய், ஆம்பூர் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பணம். வங்கி அறிக்கையில் அனுப்பியவர் பெயர் தெளிவாக இல்லாமல் வெறும் எண் மட்டும் வந்ததால், யாருடையது என்று தெரியாமல் சஸ்பென்ஸில் போடப்பட்டிருந்தது. 1,71,260 ரூபாயும் அப்படி வந்ததுதான். பணத்தைக் கட்டிவிட்ட அந்த ஆம்பூர்க்காரருக்கு நாங்கள் மூன்று மாதம் விடாமல் நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தோம். பற்றுப் பக்கம் இருந்த 2,46,500 ரூபாய், சென்னைத் துறைமுகத்தில் எங்கள் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்குப் போனது. அதற்கான பில் அலுவலகத்துக்கு வந்து சேரவே இல்லை. கடைசியாக இருந்த 1,40,000 ரூபாய்தான் எங்களை உட்கார்த்தி வைத்தது. தோல் பதனிடும் ரசாயனம் தரும் ஒரு சப்ளையருக்கு நவம்பரில் முன்பணமாகப் போன தொகை அது. சப்ளையரின் லெட்ஜரில் ஏறாமல் சஸ்பென்ஸில் கிடந்ததால், ஜனவரியில் அவருடைய 3,10,000 ரூபாய் பில் வந்தபோது கழிக்க முன்பணம் எதுவும் கண்ணில் படவில்லை. பில் தொகை முழுவதையும் கொடுத்துவிட்டோம். ஆடிட்டர் கேட்டு வாங்கிய நிலுவை உறுதிக் கடிதத்தில், எங்கள் பணம் 1,40,000 ரூபாய் தங்களிடம் அதிகமாக இருப்பதாகச் சப்ளையரே எழுதியிருந்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அது எப்போது தெரிய வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

காட்பாடிக்காரர் அதில் ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. நான் கேட்டபோது எதையும் மறைக்காமல் சொன்னார். முதல் தேதி வங்கி அறிக்கை கைக்கு வரும். மூன்றாம் தேதி மாலைக்குள் வங்கிக் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஆள் தெரியாத பதிவுகளை விசாரிக்க அந்த இரண்டு நாள் போதாது. இப்போதைக்கு இங்கே வைப்போம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று வைத்திருக்கிறார். அடுத்த வாரத்துக்கு வேறு வேலை காத்திருந்தது. மூன்றாம் தேதி என்ற கெடுவை வைத்தது நான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்ததும் நான். அவர் என் படிவத்துக்கு ஏற்ற கணக்காளராக மாறியிருந்தார்.

அன்று மாலையே ஆற்காட்டுப் பெண்ணின் பதினொரு பிழைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றில் எட்டை அவரே மாதம் முடிவதற்குள் கண்டுபிடித்துத் திருத்தி, என் பதிவேட்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டை, சப்ளையர்களின் அறிக்கையோடு தன் லெட்ஜரை ஒப்பிடும்போது அவரே கண்டிருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் நான் பிடித்தது. அந்த இரண்டில் ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு சப்ளையரின் நிலுவையில் 1,800 ரூபாய் வித்தியாசம் வந்திருக்கிறது. அதை ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் இருநூறு வருகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்குப் பிரிவில் பழைய பாடம். (வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டதாலேயே இலக்கம்தான் மாறியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, முதலில் எங்கே தேடலாம் என்பதை மட்டும் அது சொல்லும்.) அவர் அந்த மாத பில்களில் தேடி, 54,680 என்ற பில் 56,480 என்று ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். பணம் அதற்குள் போய்விட்டது. அன்றே எனக்கு மின்னஞ்சல் எழுதி, சப்ளையரிடமும் பேசி, அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார். நான் அந்த மின்னஞ்சலை வாசித்து, பிழைப் பதிவேட்டில் ஒன்று என்று கூட்டி எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தேன்.

பிழைகளை வெறுமனே எண்ணினால் சொல்பவர் தோற்பார், சொல்லாதவர் ஜெயிப்பார். அதனால் இப்போது ஒவ்வொரு பிழைக்கும் மூன்று விவரங்களை எழுதுகிறேன். அதை யார் கண்டுபிடித்தது, எத்தனை நாளுக்குப் பிறகு, அதற்குள் அது அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டதா. வெளியே போவது என்றால் வங்கிக்குப் பணமாகவோ, வாடிக்கையாளருக்குக் கடிதமாகவோ, வரித்துறைத் தளத்துக்கு ரிட்டர்னாகவோ போவது. பிழை செய்தவரே கண்டுபிடித்து, மாதத்துக்குள் திருத்தி, வெளியே போகாத பிழையை மதிப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. அது சரிபார்ப்பு நடந்ததற்குச் சான்று. அடுத்தவர் பிடித்து, வெளியேயும் போய்விட்ட பிழைதான் கனமானது. அந்த அளவுகோலில் பார்த்தால் ஆற்காட்டுப் பெண்ணின் பதினொன்று மூன்றாகக் குறைகிறது. காட்பாடிக்காரரின் இரண்டு, சஸ்பென்ஸ் பதிவுகளையும் சேர்த்து ஆறாகிறது.

ஆனால் இது தெரிய வந்த பிழைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். தெரியாமல் கிடப்பவற்றுக்காக ஆளுக்கு இருபத்தைந்து வவுச்சர்களை நானே எடுத்துப் பார்க்கிறேன். தொகையில் பெரியவை பத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை பத்து, மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் போட்டவை ஐந்து. அவசரத்தில் விழும் பிழைகள் அந்தக் கடைசி ஐந்தில்தான் அதிகம் கிடைக்கின்றன. ஒவ்வொரு வவுச்சரிலும் ஆறு இடங்களைப் பார்ப்பேன். பில்லில் உள்ள அளவு கேட் பதிவேட்டோடும் ஸ்டோர்ஸ் ரசீதோடும் ஒத்திருக்கிறதா, விலை பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ளதுதானா, கூட்டலும் பெருக்கலும் சரியா, சரியான லெட்ஜரில் ஏறியிருக்கிறதா, பில் தொகையில் கழித்துப் பிடிக்க வேண்டிய வரியான டிடிஎஸ் பிடித்திருக்கிறதா, அனுமதிக்க வேண்டியவர் கையெழுத்து இருக்கிறதா. தோல் வாங்கும் பில் சதுர அடிக் கணக்கில் வரும். எங்கள் ஆட்கள் அளந்த அளவுக்கும் பில்லில் உள்ள அளவுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால், அதைப் பற்றி ஒரு வரியாவது வவுச்சரில் எழுதியிருக்க வேண்டும்.

இருபத்தைந்து வவுச்சருக்கு நூற்றைம்பது சோதனைகள் ஆகின்றன. முதல் முறை செய்தபோது காட்பாடிக்காரருக்கு நான்கு இடங்களில் தவறு வந்தது. நான்கில் மூன்று ஒரே வகை: இயந்திரத்தின் பழுது பார்த்த செலவைச் சொத்தாக ஏற்றியிருந்தார். பதனிடும் டிரம்முக்குப் பெல்ட் மாற்றியதும், ஸ்பிரே இயந்திரத்துக்கு நாசில் வாங்கியதும் இயந்திரக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன. இதைக் கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் அநியாயமாகியிருக்கும். பழுதுக்கும் சொத்துக்கும் கோடு எங்கே என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் அந்த வகைத் தவறு நின்றது. தவறுகள் சிதறிக் கிடந்தால் கவனக் குறைவு, ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அறியாமை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

மாதக் கடைசிக் கெடுவைப் பற்றி. அரசு வைத்த தேதிகளையும் நாங்களே வைத்த தேதிகளையும் நான் இப்போது ஒரே தட்டில் வைப்பதில்லை. பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ பதினைந்தாம் தேதி. மாதம்தோறும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி. இவற்றில் ஒரு நாள் தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு டிடிஎஸ் போதும். ஆகஸ்ட் 20 அன்று பிடித்த 48,000 ரூபாயைச் செப்டம்பர் 7-க்குப் பதில் 8-ந்தேதி கட்டினால், தாமதம் ஒரு நாள்தான். ஆனால் வட்டி பிடித்த நாளிலிருந்து ஓடும். மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஆகஸ்டும் செப்டம்பரும் சேர்ந்து இரண்டு மாதம், மூன்று சதவீதம், 1,440 ரூபாய். இந்தத் தேதிகளில் நான் சலுகை காட்டுவதில்லை.

நாங்களே வைத்த உள் கெடு வேறு விஷயம். ஆற்காட்டுப் பெண் ஏன் ஏழாம் தேதி வரை இழுக்கிறார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு ஒரு சிறிய பதிவேடு வைத்தோம்: எந்தக் காகிதம், எந்தப் பிரிவிலிருந்து, எந்தத் தேதியில் கணக்குப் பிரிவுக்கு வந்தது. ஒரு வருட முடிவில் பார்த்தால், ஸ்டோர்ஸ் ரசீதுகள் இரண்டாம் தேதிக்குள் வந்து சேர்ந்தது நான்கே மாதங்களில்தான். மற்ற மாதங்களில் நான்காம் தேதியோ ஐந்தாம் தேதியோதான் வந்திருக்கின்றன. கடைசிக் காகிதம் கைக்கு வந்த பிறகு அவர் எடுத்துக்கொண்டது எந்த மாதத்திலும் இரண்டு வேலை நாளுக்கு மேல் இல்லை. இப்போது கெடு மூன்றாம் தேதியாக இல்லை. கடைசிக் காகிதம் வந்த நாளிலிருந்து இரண்டு வேலை நாள். ஐந்தாம் தேதிக்கு மேலும் காகிதம் வராவிட்டால், வராதவற்றின் பட்டியலோடு, மதிப்பிட்ட தொகையைச் செலவாகக் காட்டி மாதத்தை மூடச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் இல்லாமல் மூடிய மாதத்தை முடிந்த மாதமாக நான் ஏற்பதில்லை.

ஆடிட்டுக்குத் தயாராக இருப்பதை ஜூன் மாதத்தில் அளப்பதில் பயனில்லை. ஆடிட்டர் வரும் வாரம் எல்லாருடைய மேசையும் சுத்தமாகத்தான் இருக்கும். நவம்பரில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் இரண்டு திசையிலிருந்தும் பார்க்கிறேன். லெட்ஜரில் ஒரு பதிவைக் காட்டி அதன் காகிதங்களைக் கேட்பேன். பத்து நிமிடத்துக்குள் பில்லும், ஸ்டோர்ஸ் ரசீதும், அனுமதியும் வர வேண்டும். பிறகு எதிர்த்திசையில், கேட் பதிவேட்டிலிருந்து ஒரு லாரி வந்த வரியைக் காட்டி, இது கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். முதல் கேள்வி, கணக்கில் இருப்பது உண்மையில் நடந்ததா என்பதைச் சொல்லும். இரண்டாவது கேள்விதான், நடந்தது எல்லாம் கணக்கில் வந்ததா என்பதைச் சொல்லும். பலரும் முதலாவதில் தேறிவிடுவார்கள். துறைமுக ஏஜெண்டின் வராத பில்லைப் போன்றவை இரண்டாவதில்தான் அகப்படும். இதோடு ஆடிட்டரின் சென்ற ஆண்டுக் கேள்விப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொள்வேன். புதிய கேள்விகள் எத்தனை வந்தாலும் கவலை இல்லை; சென்ற ஆண்டு கேட்டதையே இந்த ஆண்டும் கேட்கும்படி விட்டிருந்தால் அதை எழுதுவேன்.

நேர்மையைப் பற்றி எழுதும்போதுதான் என் மனம் இன்னும் கனக்கிறது. அந்த ஆண்டு ஒத்துழைப்பு என்ற கேள்வியில் ஆற்காட்டுப் பெண்ணுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன். உற்பத்திப் பிரிவு மேலாளர் அவரைப் பற்றிக் குறை சொல்லியிருந்தார். என்ன நடந்தது என்று ஜூனில்தான் முழுதாகக் கேட்டேன். ஜெனரேட்டருக்கு டீசல் வந்தது ஏப்ரல் 3-ந்தேதி. ஏப்ரல் மாத பட்ஜெட் தாங்காது என்று மேலாளர் அந்த பில்லோடு வந்து நின்றிருக்கிறார்.

“ஏம்மா, இதை மார்ச் தேதியிலேயே போட்டுடு. ஒரு நாலு நாள் முன்ன பின்னதானே?”

“சார், டீசல் கேட்டுக்குள்ள வந்ததே மூணாம் தேதி. மார்ச்சுல போட்டா கேட் பதிவேடு ஒண்ணு சொல்லும், என் வவுச்சர் ஒண்ணு சொல்லும். போட்டே ஆகணும்னா எழுதிக் கொடுங்க சார், பெரிய சார்கிட்ட காட்டிட்டுப் போடறேன்.”

மேலாளர் எழுதிக் கொடுக்கவில்லை. என்னிடம் வந்து, அந்தப் பெண்ணுக்கு அனுசரித்துப் போகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். நானும் விசாரிக்காமல் இரண்டு போட்டேன். ஒரு கணக்காளர் செய்ய வேண்டியதைச் செய்ததற்காக என் கையாலேயே அவருடைய சம்பள உயர்வைக் குறைத்தேன். அடுத்த மாதமே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து அந்த ஆண்டு மதிப்பீட்டைத் திருத்த வைத்தேன். உயர்வின் வித்தியாசம் ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டு அவருக்குக் கிடைத்தது. இப்போது மற்றப் பிரிவுகளின் புகார் எதுவாக இருந்தாலும், எதைச் செய்ய மறுத்தார் என்று முதலில் கேட்கிறேன்.

நேர்மைக்கு ஐந்துக்கு இத்தனை என்று எண் போடுவதையும் விட்டுவிட்டேன். நேர்மையில் மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் விளக்க முடியாது. அதற்குப் பதில் பார்த்தவற்றை எழுதுகிறேன். ஆண்டில் மூன்று முறை முன்னறிவிப்பின்றிக் கைப்பணத்தை எண்ணுகிறோம். வாரக்கூலி கொடுக்கும் சனிக்கிழமைக்கு முந்தைய மாலையில் ஒரு முறை கட்டாயம் உண்டு. நாங்கள் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் என்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் எந்தத் தேதியில் நடந்தது என்ற பதிவு இருந்தாக வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. அந்த எடிட் லாக்கைக் காலாண்டுக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கிறேன். திருத்துவது குற்றமில்லை, பிழையைத் திருத்தாமல் எப்படி இருப்பது? நான் தேடுவது ஒன்றே: நிர்வாகத்துக்கு அறிக்கை போன பிறகு, முந்தைய மாதத் தேதியிட்ட வவுச்சரில், காரணம் எழுதாமல் தொகையோ பெயரோ மாறியிருக்கிறதா என்பது. அப்படி ஒன்று அகப்பட்டால் உரியவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுவேன். ஏப்ரல் வரை மனதில் வைத்திருந்து படிவத்தில் எழுதுவதில்லை.

இவற்றுக்கும் எல்லை உண்டு. சப்ளையரும் ஸ்டோர்ஸ் ஆளும் கேட் ஆளும் சேர்ந்துகொண்டால் பில்லும் ரசீதும் பதிவேடும் அழகாக ஒத்துப்போகும். என் இருபத்தைந்து வவுச்சரில் அது தெரியாது. அதைவிட முக்கியமானது, பணம் அனுப்புபவரே வங்கிக் கணக்கையும் சரிபார்ப்பவராக இருந்தால் அவருடைய நேர்மையை யாராலும் மதிப்பிட முடியாது. அவர் நேர்மையானவர் என்பதை அவராலேயே நிரூபிக்க முடியாத இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறோம். எங்கள் அலுவலகத்தில் காட்பாடிக்காரர் அப்படித்தான் ஆறு வருடம் இருந்தார். இப்போது பணம் அனுப்புவது அவர், வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது ஆற்காட்டுப் பெண். இருவர் மட்டுமே இருக்கும் சிறிய அலுவலகமானாலும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட முடியும்.

சென்ற ஏப்ரலில் காட்பாடிக்காரர் மதிப்பீட்டுக்கு வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே ஒரு தாளை மேசையில் வைத்தார். சஸ்பென்ஸ் லெட்ஜரின் பிரதி அது. மூன்று பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரேயும் எத்தனை நாளாக நிற்கிறது, யாரிடம் கேட்டிருக்கிறார், எப்போது பதில் வரும் என்று பேனாவால் எழுதியிருந்தார். மிகப் பழையது இருபத்திரண்டு நாள். அந்த மாதக் கணக்கை அவர் ஆறாம் தேதிதான் முடித்திருந்தார்.